கம்பெனி செக்ரட்டரி ரெஸ்யூமே: படிவப் பட்டியலா, காலவரிசையா, பணிவாரியா?

கம்பெனி செக்ரட்டரி எழுதும் ரெஸ்யூமேயின் பெரும்பகுதியைப் பொதுப் பதிவேடுகளைக் கொண்டே சரிபார்க்கலாம். மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த நாள் தெரியும். கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவர்களின் பெயர்களும், அவர்கள் நியமிக்கப்பட்ட தேதிகளும் தெரியும். கட்டணம் செலுத்தினால் தாக்கலான படிவங்களையே திறந்து பார்க்கலாம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமென்றால் ஒவ்வொரு அறிவிப்பும் எந்த நாளில், எந்த நிமிடத்தில் வந்தது என்பதுகூடப் பங்குச்சந்தையின் தளத்தில் கிடைக்கும். எனவே ரெஸ்யூமேயின் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அழகை அல்ல. எழுதிய வரியைச் சரிபார்க்க முடிகிறதா, சரிபார்த்தால் அது நிற்கிறதா என்பதைத்தான்.

மூன்று அமைப்புகள் பழக்கத்தில் உள்ளன: கையாண்ட படிவங்களை அடுக்குவது, வேலை பார்த்த நிறுவனங்களை அண்மையிலிருந்து பின்னோக்கிச் சொல்வது, தாக்கல், இயக்குநர் குழு, தணிக்கை என்று பணிவாரியாகப் பிரிப்பது.

படிவப் பட்டியல் ஒரே ஒரு நிலையில்தான் சரி. 21 மாதப் பயிற்சியைத் தனித்துத் தொழில் செய்யும் செயலரின் அலுவலகமொன்றில் முடித்து, முதல் வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு அது பொருந்தும். அவர் பல சிறு நிறுவனங்களின் வேலையைத் துண்டு துண்டாகச் செய்திருப்பார். எந்தப் படிவங்கள் அவருக்குப் பழக்கம் என்பதே தேர்வு செய்பவருக்குத் தேவையான தகவல். அப்போதும் தானே தயாரித்தவை, சீனியர் தயாரித்ததைச் சரிபார்த்தவை என்று இரண்டாகப் பிரித்து எழுதுவது நல்லது. நான்கைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர் அதே பட்டியலை நீட்டினால், பயிற்சிக் காலத்தைத் தாண்டி அவர் வளரவில்லை என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தனியார் லிமிடெட் நிறுவனம் ஒன்று. செலுத்தப்பட்ட மூலதனம் 14 கோடி ரூபாய். 10 கோடியை எட்டிய தனியார் நிறுவனமும் முழுநேரச் செயலரை வைத்திருக்க வேண்டும் என்பதால் அங்கே நான்கு ஆண்டுகளாக ஒரு பெண் செயலராக இருக்கிறார். இப்போது கோவையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தில் இணக்க அதிகாரி வேலைக்கு விண்ணப்பிக்கிறார். முதல் வரைவில் அவர் எழுதியது: “எல்லா சட்டபூர்வத் தாக்கல்களையும் நூறு சதவீதம் உரிய காலத்தில் செய்தேன், AOC-4, MGT-7 உள்ளிட்ட படிவங்களில் அனுபவம்.”

இந்த வரியில் இரண்டு குறைகள் உண்டு. மூலதனம் 5 கோடிக்கு மேல் இருப்பதால் அந்த நிறுவனம் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்வது AOC-4 XBRL வடிவத்தில். பொதுவாக AOC-4 என்று எழுதினால் வேலையை அவரே செய்தாரா, வெளி ஆலோசகர் செய்தாரா என்ற சந்தேகம் எழும். அடுத்தது அந்த ‘நூறு சதவீதம்’. அது எத்தனை ஆண்டுக்கு, எந்தத் தாக்கலுக்கு என்று தெரியாததால் சரிபார்க்கவும் வழியில்லை, நம்பவும் வழியில்லை.

திருத்தி எழுதினால் இப்படி வரும்: “2024 செப்டம்பர் 12 பொதுக்கூட்டம். ADT-1, AOC-4 XBRL, MGT-7 மூன்றும் கூடுதல் கட்டணமின்றித் தாக்கல். MGT-8 சான்றுக்காகத் தனித்துத் தொழில் செய்யும் செயலருடன் ஒருங்கிணைப்பு.” படிப்பவருக்குக் கணக்கு தெரியும். தணிக்கையாளர் நியமனத்துக்கு 15 நாள் என்றால் செப்டம்பர் 27. நிதிநிலை அறிக்கைக்கு 30 நாள் என்றால் அக்டோபர் 12. ஆண்டு அறிக்கைக்கு 60 நாள் என்றால் நவம்பர் 11. கெடுவை விளக்க ஒரு சொல்லும் தேவையில்லை. பொதுக்கூட்டத் தேதி ஒன்றே போதும்.

கெடு தவறியிருந்தால்? அதை மறைக்க வேண்டாம். AOC-4 XBRL, MGT-7 ஆகிய இரண்டு ஆண்டுப் படிவங்களுக்கும் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், உச்சவரம்பு இல்லாமல் ஏறும். இந்தத் தாமதமும் பதிவில் தெரியும். தான் சேர்வதற்கு முன்பே நிலுவையில் இருந்ததைத் தான் முடித்தால், சேர்ந்த தேதியையும் முடித்த மாதத்தையும் சேர்த்து எழுதுவது நூறு சதவீதத்தை விட வலுவான வரி. தன் காலத்திலேயே தவறியது என்றால் ரெஸ்யூமேயில் அந்தத் தாக்கலைப் பெருமையாகச் சொல்லாமல் விட்டுவிட்டு, நேர்காணலில் கேட்டால் காரணத்தைச் சொல்லலாம்.

இனி அமைப்புக்கு வருவோம். ஒரகடத்துச் செயலருக்கு ஏற்றது காலவரிசைதான். ஆனால் கடைசி வேலையின் கீழ் மட்டும் பணிவாரியாகப் பிரிக்க வேண்டும். முழு ரெஸ்யூமேயையும் பணிவாரியாக எழுதினால் எந்த வேலை எந்த நிறுவனத்தில் நடந்தது என்பது கலங்கிவிடும். தனியார் நிறுவன அனுபவமும் பட்டியலிடப்பட்ட நிறுவன அனுபவமும் ஒன்றல்ல என்பதால், அதுதான் படிப்பவர் முதலில் தேடுவது. வங்கி, நிதி நிறுவனங்களில் இணக்கப் பணியை மட்டும் பார்த்து, அடிக்கடி நிறுவனம் மாறியவருக்குப் பணிவாரி அமைப்பு ஓரளவு உதவும். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இயக்குநர் குழுப் பணியில்தான் பலரும் வெறும் ‘கூட்டங்களை ஒருங்கிணைத்தேன்’ என்று நின்றுவிடுகிறார்கள். அறிவிப்பு ஏழு நாளுக்கு முன், வரைவு நடவடிக்கைக் குறிப்பு கூட்டம் முடிந்த 15 நாளுக்குள், குறிப்பேட்டில் பதிவு 30 நாளுக்குள் என்று செயலகத் தரநிலை வரையறுக்கிறது. இந்த வரிசையில் எதுவரை தன் கையில் இருந்தது என்று எழுதினால் அனுபவத்தின் அளவு தெரிந்துவிடும். குறிப்பை எழுதியது யார், தலைவரிடம் கையொப்பம் பெறும்வரை கொண்டுபோனது யார் என்பதில்தான் உதவியாளருக்கும் செயலருக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. கோவை நிறுவனத்துக்கு இன்னொன்றும் வேண்டும். அங்கே நிதி முடிவுகளை ஏற்ற கூட்டம் வர்த்தக நேரத்தில் முடிந்தால் 30 நிமிடத்துக்குள் பங்குச்சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த அனுபவம் ஒரகடத்துச் செயலருக்கு இல்லை. இருப்பதுபோல் எழுதாமல், குறிப்பு வரைவிலும் கூட்ட ஆவணத் தயாரிப்பிலும் தனக்குள்ள வேகத்தை மாதிரித் தேதிகளோடு காட்டுவதே அவருக்கு நல்லது.

தணிக்கையிலும் இதே கவனம் வேண்டும். பட்டியலிடப்படாத தனியார் நிறுவனத்துக்கு, பொதுவாக வங்கி அல்லது பொது நிதி நிறுவனக் கடன் 100 கோடியை எட்டினால்தான் செயலகத் தணிக்கை கட்டாயமாகிறது. அதை எட்டாத நிறுவனத்திலிருந்து ‘செயலகத் தணிக்கை’ என்று எழுதினால், கேள்வி வரும். தானாக முன்வந்து செய்த தணிக்கை என்றால் அப்படியே எழுதலாம். கட்டாயத் தணிக்கை என்றால் தணிக்கையாளர் எழுப்பிய குறை என்ன, அதை எப்படி முடித்தீர்கள் என்ற ஒரு வரி மட்டும் போதும்.

ரெஸ்யூமேயில் வரவே கூடாத செய்தியும் உண்டு. இன்னும் வெளியிடப்படாத இணைப்பு, பங்கு வெளியீடு, முக்கிய அதிகாரியின் ராஜினாமா போன்றவற்றைக் குறிப்பாகக்கூடச் சொல்லக் கூடாது. பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் செயலர் அப்படிச் சொன்னால் அது உள்தகவல் வர்த்தக விதிகளின் கீழ் வரும். நடந்துகொண்டிருக்கும் பரிவர்த்தனையை ‘ஒரு நிறுவன மறுசீரமைப்பு’ என்று பொதுவாகச் சொன்னால்கூட, நிறுவனத்தின் பெயர் மேலே அச்சாகியிருப்பதால் படிப்பவர் ஊகித்துவிடுவார். அறிவிப்பு வெளிவந்த பிறகு அந்த வரியைச் சேர்க்கலாம். அதுவரை அந்த இடத்தில் முடிந்துபோன ஒரு வேலையை எழுத வேண்டும்.