பம்பி எவ்வளவு நீர் தரும்?

மையநீக்கப் பம்பியின் தகட்டில் "ஆகக்கூடிய உயரம் 24 மீற்றர், ஆகக்கூடிய நீர் நிமிடத்துக்கு 450 லீற்றர்" என்று எழுதப்பட்டிருந்தால், இரண்டும் ஒருங்கே கிடைக்குமெனக் கமக்காரர் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு கிடைக்காது. நீர் வெளியேறாதபோதே உயரம் 24 மீற்றர் ஆகும். நீர் கூடக் கூட உயரம் குறையும். அப்பம்பி 200 லீற்றருக்கு 20 மீற்றரும், 300 லீற்றருக்கு 15 மீற்றரும் தருவதாகக் கொள்க. இப்புள்ளிகளை இணைத்தால் கீழ்நோக்கிச் சரியும் பம்பியின் வளைகோடு கிடைக்கும்.

குழாய்த்தொகுதிக்கும் ஒரு வளைகோடு உண்டு. வெங்காயத் தோட்டமொன்றில் பம்பி கிணற்றுக்குள் மேடையில், நீர்மட்டத்துக்கு 4 மீற்றர் மேலே உள்ளது. குழாயின் வாய் பம்பிக்கு 3 மீற்றர் மேலே உள்ளது. ஆகவே ஒரு துளி நீருக்கும் 7 மீற்றர் தேவை. அதனுடன் உராய்வு சேரும். உள்விட்டம் 50 மில்லிமீற்றர் கொண்ட குழாய், வளைவுகளையும் அடிவால்வையும் கணக்கிற் சேர்த்து 75 மீற்றர் நீளத்துக்குச் சமமாயின், 200 லீற்றருக்கு உராய்வு ஏறத்தாழ 5 மீற்றர். 300 லீற்றருக்கு 10 மீற்றர். எனவே தேவை முறையே 12 மீற்றரும் 17 மீற்றரும் ஆகும். இக்கோடு மேல்நோக்கி ஏறும்.

200 லீற்றரில் பம்பி தருவது 20 மீற்றர், தேவை 12 மட்டுமே. மிகுதியான அழுத்தம் நீரை மேலும் விரைவாகத் தள்ளும். 300 லீற்றரிலோ தேவை 17, பம்பி தருவது 15; ஆகவே ஓட்டம் தணியும். இரு கோடுகளும் வெட்டும் 280 லீற்றரளவில் அது நிலைத்து நிற்கும். தகட்டில் எது எழுதப்பட்டிருப்பினும் தோட்டத்துக்கு வருவது இதுவே.

செலவைக் குறைக்க எண்ணி, பம்பியிலிருந்து வெளிச்செல்லும் குழாயை 40 மில்லிமீற்றராக மாற்றினால், அக்குழாயின் உராய்வு ஏறத்தாழ மூன்று மடங்காகும். 200 லீற்றருக்கே மொத்த உராய்வு 13 மீற்றராகி, தேவை 20ஐ எட்டும். கோடுகள் அங்கேயே சந்திக்கும். பம்பி அதுவே, நீரிலோ நிமிடத்துக்கு 80 லீற்றர் குறைவு. இந்நிலையில் பெரிய பம்பி வாங்குவதும் அவ்வளவாகப் பயன்தராது. குழாயின் கோடு செங்குத்தாக ஏறுவதால், கூடுதல் வலுவின் பெரும்பகுதி உராய்வில் அழியும்.

சந்திப்புப் புள்ளியை அறிய 200 லீற்றர் பீப்பாய் ஒன்று போதும். முதற் குழாயில் அது 43 செக்கனில் நிரம்பும். ஒடுங்கிய குழாயில் ஒரு நிமிடம் செல்லும். கோடையில் கிணற்று நீர் 2 மீற்றர் இறங்கினாலும் 50 மில்லிமீற்றர்க் குழாயில் 45 செக்கனே எடுக்க வேண்டும். அதைவிட மிகக் கூடினால் நீர்மட்டத்தின் உயரத்தை மட்டும் குறைகூற முடியாது. அப்போது உறிஞ்சும் பக்கம் உராய்வுடன் 7 மீற்றரை எட்டிவிடுவதால், மூட்டுகளில் சிறு கசிவிருந்தாலும் காற்றுப் புகும். பம்பிக்குள் சரளைக்கல் உருள்வதுபோற் சத்தம் கேட்டால், மேடையை இறக்கிப் பம்பியை நீருக்கு அருகில் வைக்க வேண்டும். சத்தமில்லாது நீர் குறைந்தால் முதலில் அடிவால்வின் சல்லடையைத் தூக்கிப் பார்க்குக.