முந்நூறு எழுத்துகளில் ஒரு கடன் விண்ணப்பம்

கடன் விண்ணப்பத்தை இணையதளத்தில் நிரப்பும்போது, “கடன் பெறும் நோக்கத்தை விளக்குக” என்றொரு கட்டம் வருவதுண்டு. அதன் கீழே சிறிய எழுத்தில் ஓர் எல்லை குறிக்கப்பட்டிருக்கும். முன்னரே எழுதி வைத்த கடிதத்தை அதில் ஒட்டும்போது, எல்லையைத் தாண்டிய பகுதி பல தளங்களில் எந்த எச்சரிக்கையும் இன்றி வெட்டுப்பட்டுவிடுகிறது. கடனை எவ்வாறு திருப்பிச் செலுத்துவோம் என்பதைக் கடிதத்தின் இறுதியில் எழுதுவது நம் வழக்கம். ஆகவே வங்கி அலுவலர் முதலில் தேடும் செய்தியே காணாமற்போகிறது.

ஒரு மாதிரியைக் கொண்டு இதனை ஆராய்வோம். திருப்பதி மாவட்டத்துத் திருக்காளத்தியில் கலம்காரிச் சேலை வரையும் பெண் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவர் சித்தூரில் ஒன்றும் திருப்பதியில் ஒன்றுமாக இரண்டு கடைகளுக்குச் சேலை அனுப்புகிறார். முத்ரா திட்டத்தின் ‘கிஷோர்’ பிரிவில் ரூ.1,20,000 கேட்க விரும்புகிறார். கட்டத்தின் எல்லை 300.

முதலில் எண்ணும் முறையை அறிய வேண்டும். நாம் ஓரெழுத்தாகக் காணும் ‘கா’ கணினிக்கு இரண்டு குறிகள்: ககரம் ஒன்று, கால் ஒன்று. புள்ளி பெற்ற ‘ம்’ என்பதும் இரண்டே. எனவே ‘கலம்காரி’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினியின் கணக்கிலோ எட்டு. இடைவெளியும் நிறுத்தற்குறியும் ஒவ்வொன்றாக எண்ணப்படும். தெலுங்கு எழுத்துக்கும் இதே நிலைதான்.

இக்கணக்கின்படி, “மதிப்பிற்குரிய வங்கி மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.” என்ற தொடக்கம் மட்டுமே சரியாக 50 இடங்களை எடுத்துக்கொள்கிறது. அது முழுக் கட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. பெயர், ஊர், கைப்பேசி எண் ஆகியன படிவத்தின் பிற இடங்களில் முன்பே உள்ளன. கலம்காரியின் தொன்மையும் குடும்பப் பெருமையும் அலுவலரின் முடிவை மாற்றுவதில்லை. இவற்றை நீக்கினால் நான்கு செய்திகள் எஞ்சும்: எதற்காக எவ்வளவு பணம், இப்போது ஏன் தேவை, எதிலிருந்து திரும்பி வரும், அதற்குச் சான்று என்ன.

அவற்றை இவ்வாறு எழுதலாம்:

“கலம்காரிச் சேலைகளுக்குத் துணியும் சாயப்பொருளும் வாங்க ரூ.1,20,000 தேவை. இரு கடைகள் சேலை பெற்ற 45 நாளில் பணம் தருகின்றன. அதுவரை முதல் முடங்குகிறது. செலவு போக மாத மிச்சம் ரூ.14,000. தவணை ரூ.6,000 கட்ட இயலும். ஆதாரம்: 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கை, கடை ரசீதுகள்.”

இது 259 குறிகள். இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்களே இதன் உயிர். வணிகம் நலிந்ததால் அன்று, விற்ற பொருளின் பணம் வரத் தாமதமாவதால்தான் கடன் தேவைப்படுகிறது என்பதை அவை உணர்த்துகின்றன. தவணையும் கணக்கிட்டு எழுதப்பட்டதே. முதலை 24 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் ரூ.5,000 வரும்; வட்டியையும் கருதி ரூ.6,000 என்று கொண்டோம். மாத மிச்சத்தில் அது பாதிக்கும் குறைவு.

இந்த எண்கள் இணைக்கும் ஆவணங்களோடு ஒத்திருத்தல் வேண்டும். கடைகள் தரும் தொகை ரொக்கமாகக் கைக்கு வந்து கணக்கில் செலுத்தப்படவில்லை எனில், ரூ.14,000 மிச்சம் என்னும் கூற்றைக் கணக்கு அறிக்கை தாங்காது. அந்நிலையில் ரசீதுகளையே முதன்மைச் சான்றாகக் காட்டி, அவை நிறுவும் தொகையை மட்டும் எழுதுவதே முறை.

எஞ்சிய 41 இடங்களை நிரப்பாமல் விடுவது நன்று. வரி முறித்து எழுதினால் சில தளங்கள் ஒவ்வொரு முறிவையும் இரண்டாக எண்ணுகின்றன. சில தளங்கள் குறிப்பிட்ட குறியீடுகளை மட்டுமே ஏற்கின்றன. ஆதலால் ரூபாய்ச் சின்னத்திற்குப் பதிலாக ‘ரூ.’ என்றே எழுதினோம். தமிழ் எழுத்தையே ஏற்காத தளமாயின், இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதலாம்.

விளக்கம் மிக நீளும் எனில் இணைப்பு வசதி உண்டா என்று பார்க்க வேண்டும். மத்திய அரசின் தகவல் உரிமை இணையதளம் கட்டத்திற்குள் 3000 எழுத்துகளை அனுமதித்து, அதற்கு மேற்பட்டதைத் தனிக் கோப்பாக இணைக்கச் சொல்கிறது. கடன் தளத்திலும் அவ்வசதி இருப்பின், தொழிலின் வரலாற்றுக்கு அதுவே உரிய இடம்.

அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் கட்டத்திலுள்ள கடைசிச் சொல்லைப் படித்துப் பாருங்கள். நம் மாதிரியில் அது ‘ரசீதுகள்’. அச்சொல் முழுமையாக, முற்றுப்புள்ளியோடு நின்றால் செய்தி வெட்டுப்படவில்லை என்று அறியலாம்.