புதுப்பித்தால் மறையும் பிழை

வாடிக்கையாளர் ஒருவர் வங்கியின் இணையதளத்தில் நுழைந்து தம் கணக்கறிக்கையைத் திறக்கிறார். திரையில் வேறொருவரின் பெயரும் இருப்பும் தெரிகின்றன. திடுக்கிட்டுப் பக்கத்தைப் புதுப்பிக்கிறார். உடனே தம்முடைய கணக்கே சரியாக வந்துவிடுகிறது. இவ்வாறு ஒரு புகார் வரும்போது, 'இப்போது சரியாக இருக்கிறதல்லவா?' என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. உண்மையில், புதுப்பித்தவுடன் சரியாகிவிடுவதுதான் ஒரு குறிப்பிட்ட வகைப் பிழையின் அடையாளம். அதைப் பற்றியே இக்கட்டுரை.

கணினித் துறையில் 'கேஷ்' என்றொரு சொல் உண்டு. ஒலியில் நம் ரொக்கத்தைக் குறிக்கும் சொல்லைப் போலவே இருப்பதால் வங்கிக்காரர்களுக்கு முதலில் குழப்பம் தரும். ஆனால் இது மறைத்துவைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அடிக்கடி கேட்கப்படும் தகவலை ஒவ்வொரு முறையும் மூலக் கணினியிலிருந்து எடுக்காமல், ஒருமுறை எடுத்ததைச் சிறிது நேரம் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதே கேஷ். வைப்பு வட்டி விகிதம், கிளை முகவரி போன்றவற்றுக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. ஆயிரம் பேர் கேட்டாலும் விடை ஒன்றுதானே.

இதை ஒரு கவுன்டரில் உள்ள அறைப்பெட்டியாக எண்ணிப் பார்க்கலாம். எழுத்தர் ஒரு தாளை அச்சிட்டு ஓர் அறையில் வைத்து, அதன்மேல் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டுகிறார். அடுத்து வருபவர் கேட்பது அந்தச் சீட்டோடு பொருந்தினால், உள்ளே போய் அச்சிடாமல் அறையில் இருப்பதையே எடுத்துக் கொடுக்கிறார். சீட்டில் 'வைப்பு வட்டி விகிதம்' என்றிருந்தால் தொல்லையில்லை. 'அக்டோபர் மாதக் கணக்கறிக்கை' என்று மட்டும் எழுதி, கணக்கு எண்ணை எழுதாமல் விட்டால்? அக்டோபர் அறிக்கை கேட்டு வரும் எல்லோருக்கும் முதலில் வந்தவரின் அறிக்கையே கிடைக்கும். கணினியில் இந்தச் சீட்டுக்குக் 'கேஷ் கீ' என்று பெயர். கீழே முதல் வரி பிழையானது, இரண்டாவது சரியானது.

```
statement:2025-10
statement:2025-10:A1047
```

இவ்வளவு வெளிப்படையான ஒன்றை எப்படி மறப்பார்கள் என்று தோன்றலாம். காரணம் இதுதான்: நீங்கள் உள்நுழைந்த பிறகு திறக்கும் பல பக்கங்களின் இணைய முகவரி எல்லோருக்கும் ஒன்றே. நீங்கள் யார் என்பது முகவரியில் இராது. உங்கள் உலாவி ஒவ்வொரு கோரிக்கையோடும் தனியே அனுப்பும் 'குக்கி' என்னும் அடையாளத்தில் இருக்கும். இடையில் நிற்கும் கேஷ் கணினிகளோ, வேறு ஆணை இல்லாவிட்டால், முகவரியை வைத்தே பெயர்ச்சீட்டு எழுதுகின்றன. ஆகவே 'இந்தப் பக்கத்தைத் தேக்கிவைக்காதே' என்ற ஓர் ஆணை விடுபட்டாலோ, அதைப் புறக்கணிக்கும் ஓர் அமைப்பு புகுந்தாலோ போதும்.

இப்படி நடந்தவற்றுள் நன்கு அறியப்பட்டது, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் இணையக் கடையின் நிகழ்வு. அதை நடத்துவது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம். 2015 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள்; ஆண்டிறுதித் தள்ளுபடி விற்பனை நடந்துகொண்டிருந்தது. அன்று காலை கடையின்மீது, போலிக் கோரிக்கைகளைக் குவித்து முடக்கும் தாக்குதல் ஒன்று தொடுக்கப்பட்டது. விற்பனைக் கால சராசரியைவிட வரத்து 2000 விழுக்காடு பெருகியது. சுமையைத் தாங்க, கேஷ் சேவை தரும் கூட்டு நிறுவனம் அமைப்புகளை அவசரமாக மாற்றியது. தாக்குதலின் இரண்டாவது அலையின்போது புகுத்தப்பட்ட ஓர் அமைப்பு, உள்நுழைந்த பயனர்களின் பக்கங்களையும் தேக்கிவைத்துவிட்டது. அமெரிக்கப் பசிபிக் நேரம் 11.50 முதல் 13.20 வரை, அதாவது நம் நேரப்படி 26ஆம் தேதி பின்னிரவு 1.20 முதல் 2.50 வரை, பிறருக்காக உருவான பக்கங்கள் பலருக்குத் தெரிந்தன. சிலருக்குக் கடையின் முகப்பே அயல்மொழியில் வந்தது. ஏறத்தாழ 34,000 பேரின் பக்கங்கள் இவ்வாறு வெளிப்பட்டிருக்கலாம் என்று வால்வ் பின்னர் அறிவித்தது. சில பக்கங்களில் முகவரி, மின்னஞ்சல், வாங்கிய பொருள்களின் பட்டியல், கடன் அட்டை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் ஆகியவை இருந்தன. முழு அட்டை எண்ணோ கடவுச்சொல்லோ இல்லை. பிறர் கணக்கைப் பார்க்க முடிந்ததே தவிர, அதில் எதையும் செய்ய முடியவில்லை.

அந்தக் கடைசிச் செய்தி கவனிக்கத்தக்கது. கேஷ் தருவது ஏற்கெனவே அச்சிட்ட தாள். கணக்கின் சாவியை அன்று. மூலப் பேரேட்டில் ஒரு ரூபாயும் இடம் மாறுவதில்லை. பணம் பத்திரமாக இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் ஒருவரின் சம்பளமும் மருத்துவமனைச் செலவும் அயலாருக்குத் தெரிந்துவிட்டன என்பதும் உண்மை.

இனி இது நடக்கும் விதத்தை நொடிக் கணக்கில் பார்ப்போம். பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் பேக்கரி உரிமையாளர் ஒருவரும் இருப்பதாகக் கொள்வோம். இருவரும் ஒரே வங்கியின் வாடிக்கையாளர்கள். கேஷ் ஒரு தாளை 60 நொடிகள் வைத்திருக்கிறது. சீட்டில் கணக்கு எண் இல்லை. ஆசிரியை 10 மணி 2 நிமிடம் 10 நொடிக்கு அக்டோபர் அறிக்கையைத் திறக்கிறார். அது மூலக் கணினியிலிருந்து வந்து, கேஷிலும் அமர்கிறது. பேக்கரிக்காரர் 10.02.40க்குத் திறக்கிறார்; அவருக்கு ஆசிரியையின் ஓய்வூதியம் தெரிகிறது. 10.03.10க்கு அந்தத் தாள் காலாவதியாகிறது. 10.03.20க்கு அவர் புதுப்பிக்கிறார். தம் அறிக்கையே வருகிறது. அவருடைய கவலை தீர்ந்தது. ஆனால் இப்போது கேஷில் அமர்ந்திருப்பது அவருடைய அறிக்கை; 10.03.50க்கு ஆசிரியை மீண்டும் திறந்தால் பேக்கரியின் வரவு செலவு அவருக்குத் தெரியும். பேக்கரிக்காரர் 10.10க்கு வங்கியைத் தொலைபேசியில் அழைக்கும்போது அவருடைய திரையில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

இந்தப் பிழை கூட்டத்தோடு வளரும். பத்து நிமிடத்துக்கு ஒருவர் வந்தால் ஒரு தாளை இருவர் பெறுவது அரிது. மாதத்தின் முதல் தேதியில் ஒரே நிமிடத்தில் நூறு பேர் வந்தால், ஒருவருக்குத் தம் அறிக்கையும் மற்ற 99 பேருக்கு அவருடைய அறிக்கையும் கிடைக்கும். ஒரே ஒரு சோதனைக் கணக்கை வைத்து மென்பொருளைச் சோதிப்பவர்களுக்கு இது ஒருநாளும் தென்படாது. எத்தனை முறை திறந்தாலும் அதே கணக்குதானே வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விரைவுக்காகக் கேஷ் கணினிகளை ஊர்தோறும் வைப்பார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து போகும் கோரிக்கைக்குப் பெரும்பாலும் பெங்களூரிலேயே உள்ள கணினி விடையளிக்கும். ஆகவே தெரிந்துவிடும் அந்நியர் பெரும்பாலும் நம் ஊர்க்காரர். புகாரை மும்பையிலிருந்து சோதிப்பவர் வேறொரு கேஷ் கணினியைப் பார்க்கிறார். அங்கே பிழையே இல்லாமலிருக்கலாம்.

எனில் கண்டுபிடிப்பது எப்படி? முதலில் அறிகுறியை வேறுபடுத்த வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் பிறர் தகவல் தெரிந்து, அடுத்த பக்கத்தில் உங்களுடையது வந்தால், சில நொடிகளில் தானே சரியானால், கேஷ் மீது ஐயம் கொள்ளலாம். எல்லாப் பக்கங்களிலும் அதே அந்நியர் தெரிந்தால் உள்நுழைவு அடையாளமே மாறியிருக்கக்கூடும். இது மேலும் கடுமையானது. நாள் மாறியும் அதே அந்நியரின் அட்டையோ கணக்கோ தெரிந்தால், பதிவேட்டிலேயே தவறாக இணைத்திருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் செயலியில் சிலருக்குப் பிறரின் கடன் அட்டை விவரங்கள் தெரிந்தது இந்த மூன்றாம் வகை: புதிதாக வழங்கிய சுமார் 17,000 அட்டைகள் மின்னணுச் சேவைகளில் தவறான பயனர்களோடு இணைக்கப்பட்டிருந்ததாகக் கூறிய அவ்வங்கி, அவற்றை முடக்கி மாற்று அட்டைகள் வழங்கியது. கேஷ் பிழைக்கும் இதற்கும் மருந்து வேறு.

கணினியில் பார்ப்பவர்களுக்கு நேரடிச் சான்று ஒன்றும் கிடைக்கும். உலாவியில் F12 விசையை அழுத்தி `Network` பகுதியைத் திறந்து, பக்கத்தோடு வந்த தலைப்பு வரிகளைப் பார்க்கலாம்.

```
Cache-Control: private, no-store
Age: 43
X-Cache: HIT
```

முதல் வரி, 'இது ஒருவருக்கு மட்டும் உரியது. தேக்கிவைக்காதே' என்னும் ஆணை. கணக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. அடுத்த இரண்டும் அந்தப் பக்கம் 43 நொடிகளாகக் கேஷில் கிடந்து உங்களிடம் வந்ததைக் காட்டுவன. கணக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாதவை. மூன்றும் ஒருங்கே வந்தால், இட்ட ஆணையை இடையில் யாரோ மதிக்கவில்லை. ஆனால் இவ்வரிகள் இல்லாததை வைத்துப் பிழையில்லை என்று சொல்ல முடியாது. வங்கியின் சேவைக் கணினிக்குள்ளேயே இருக்கும் கேஷ் இத்தகைய தடயம் எதையும் விடுவதில்லை.

அதற்கு இரண்டு கணக்குகள் வேண்டும். ஒரே வீட்டில் தனித்தனிக் கணக்குள்ள இருவர், தத்தம் கைப்பேசியில், தத்தம் கடவுச்சொல்லால் நுழைந்து, ஒரே பக்கத்தை அரை நிமிட இடைவெளியில் திறக்க வேண்டும். பின்பு வரிசையை மாற்றித் திறக்க வேண்டும். ஒரே கைப்பேசியில் செய்தால் அதன் சொந்தத் தேக்கம் குழப்பிவிடும். கேஷ் கணினிகள் பல இருப்பதால் ஒருமுறை சரியாக வந்தது போதாது. பத்து முறையாவது செய்ய வேண்டும்.

வங்கிக்குள் செய்யத்தக்க சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் அது வணிகவியல் படித்தவருக்குப் புரியும் ஒத்துப்பார்ப்பு. ஒரு நிமிடத்தில் எத்தனை வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கு அறிக்கைப் பக்கம் போனது என்று ஒரு பதிவேடு சொல்லும். தேக்கம் காலியாக இருக்கும் தருணத்திலிருந்து எண்ணினால், மூலக் கணினியிடம் எத்தனை முறை கேட்கப்பட்டது என்று இன்னொன்று சொல்லும். 1,000 பேருக்கு அறிக்கை போயிருக்க, மூலத்தில் கேட்டது 40 முறைதான் என்றால், 960 பேருக்கு யாருடைய அறிக்கை போனது? நாள்முடிவில் ரொக்கத்தையும் வவுச்சர்களையும் ஒப்பிடுவதுபோன்ற இதற்கு எந்த வாடிக்கையாளரின் விவரத்தையும் திறந்து பார்க்கத் தேவையில்லை. இதனினும் உறுதியான வழி, ஒவ்வொரு தாளின் உள்ளேயும் உரியவரின் கணக்கு எண்ணைப் பதித்து, திரைக்கு அனுப்பும் கடைசி வாயிலில் அதை உள்நுழைந்தவரின் எண்ணோடு ஒப்பிடுவது. பொருந்தாவிட்டால் பக்கத்தை நிறுத்தி எச்சரிக்கை ஒலிக்க வேண்டும்.

வாடிக்கையாளர் புகார் தரும்போது வெறும் 'வேறொருவர் கணக்கு தெரிந்தது' என்பதைவிட, நேரத்தை நொடி வரையோ இயன்ற அளவு நெருக்கமாகவோ, எந்தப் பக்கம், எந்த ஊர், வைஃபையா கைப்பேசி இணையமா, புதுப்பித்ததும் என்ன ஆயிற்று என்பவற்றைச் சொன்னால், அந்த நிமிடத்தின் பதிவேடுகளை எடுத்துப் பார்க்க இயலும். தெரிந்தவரின் கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். திரைப்படம் எடுத்திருந்தால் அதை வங்கியைத் தவிர வேறெவருக்கும் அனுப்ப வேண்டாம். அந்தப் படத்தில் இருப்பது உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் மாதச் செலவு.