ஒரு பருவத்தின் மதிப்பெண் சரிவும் உதவித்தொகைப் புதுப்பிப்புக் கடிதமும்

கல்வி உதவித்தொகையைப் புதுப்பிக்கும் வேளையில், ஒரு பருவத்தில் மட்டும் மதிப்பெண் சராசரி குறைந்திருப்பின் அதற்கு விளக்கக் கடிதம் எழுத நேர்கிறது. இரண்டாம் ஆண்டை முடித்த பொறியியல் மாணவி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவருடைய நான்கு பருவச் சராசரிகள் முறையே 8.1, 7.9, 6.6, 8.2. உதவித்தொகை தொடர 7.5 வேண்டும் என்பது விதி.

முதலில் விதியை ஊன்றிப் படிக்க வேண்டும். 7.5 என்பது எந்தச் சராசரி? ஒவ்வொரு பருவத்திற்கும் கிரெடிட் எண்ணிக்கை சமமெனில், நான்கு பருவங்களின் ஒட்டுமொத்தச் சராசரி 7.7 ஆகும், அதையே விதி குறிப்பிடுமாயின் நிபந்தனை நிறைவேறிவிட்டது. கடிதம் தேவைப்படினும் அது வெறும் விளக்கமே. அந்தந்த ஆண்டின் சராசரியே கணக்கில் கொள்ளப்படுமாயின், இரண்டாம் ஆண்டில் கிடைப்பது 7.4. அப்போது கடிதம் ஒரு விதிவிலக்கைக் கோருகிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் எழுதுவோர், தேவையற்ற இடத்தில் மன்றாடுகின்றனர். அல்லது கேட்க வேண்டியதைக் கேளாமல் விடுகின்றனர்.

அடுத்து, சரிவு எங்கே நிகழ்ந்தது என்பதைப் பாட வாரியாகப் பார்க்க வேண்டும். நம் மாணவி மூன்றாம் பருவத்தில் கணிதம், வெப்ப இயக்கவியல் ஆகிய இரண்டில் மட்டும் 5 தரப்புள்ளிகள் பெற்றார். ஏனையவற்றில் 7, 8. அவர் இவ்வாறு எழுதலாம்:

“மூன்றாம் பருவத்தில் என் சராசரி 6.6 ஆகக் குறைந்தது. டெங்கு காய்ச்சலால் செப்டம்பர் 9 முதல் 17 வரை மருத்துவமனையில் இருந்தேன். அக்டோபர் 3 அன்று வகுப்புக்குத் திரும்பினேன். இடைப்பட்ட நாள்களில் நடந்த கணிதம், வெப்ப இயக்கவியல் அகமதிப்பீட்டுத் தேர்வுகளை எழுத இயலவில்லை. நான்காம் பருவத்தில் கணிதத்தின் அடுத்த தாளில் 8 புள்ளிகளும், மொத்தத்தில் 8.2 சராசரியும் பெற்றேன். ஆண்டுச் சராசரி 7.4 ஆக இருப்பினும் உதவித்தொகையைத் தொடர்ந்து வழங்க வேண்டுகிறேன். மருத்துவமனை விடுவிப்புச் சான்றும் மதிப்பெண் பட்டியல்களும் இணைக்கப்பட்டுள்ளன.”

இக்கடிதத்தின் வலிமை, காரணமும் விளைவும் தேதியால் பிணைந்திருப்பதே. விடுவிப்புச் சான்று 17ஆம் தேதி வரைக்கே சான்றாகும். அதன் பின்னர் வீட்டில் ஓய்வெடுத்த நாள்களுக்கு மருத்துவரின் ஓய்வுச் சான்றோ துறைத் தலைவரின் வருகைக் குறிப்போ வேண்டும். தவறிய தேர்வு அந்நாள்களில் நடந்திருப்பின், பரிசீலிப்போர் முதலில் காணும் இடைவெளி அதுவே.

“குடும்பச் சூழ்நிலை” என்று மட்டும் எழுதுவதும், ஆசிரியரைக் குறை கூறுவதும், “இனி 9.5 பெறுவேன்” என உறுதியளிப்பதும் பயன் தருவதில்லை. அரியர் இருந்தால் அதை மறைக்கலாகாது. மதிப்பெண் பட்டியலே அதைக் காட்டிவிடும். எப்பருவத்தில் எழுதித் தேறினார் என்பதையும் சேர்த்தெழுதுவதே முறை.

விதிவிலக்கிற்கே இடமில்லாத திட்டங்களும் உண்டு. அங்கே எத்துணை நல்ல கடிதமும் முடிவை மாற்றாது. ஆகவே, கடைசித் தேதிக்கு முன்பே உதவித்தொகை அலுவலகத்தில் இதைக் கேட்டறிந்தால், கட்டணத்திற்கு வேறு வழி தேட அவகாசம் கிடைக்கும்.