விடுப்பைத் திரும்பப் பெறுமுன்

வியாழன், வெள்ளி இரண்டு நாள் விடுப்பு ஒப்புதலாகிவிட்டது. ஊரில் நடக்கவிருந்த நிச்சயதார்த்தம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. உடனே செயலியில் பழைய விடுப்பை ரத்து செய்யத்தான் கை போகும். ஆனால் முதலில் பேச வேண்டியது, உங்கள் ஷிஃப்டை ஏற்றுக்கொண்டவரிடம். அவர் அதற்காகத் தன் வார ஓய்வையே மாற்றியிருக்கலாம். "வேலைக்குத்தானே வருகிறேன், யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். ஒரே இடத்துக்கு இருவர் வருவதும், அவருடைய ஓய்வு வீணாவதும் நஷ்டம்தான். அவரால் பழையபடி மாற்ற முடியாவிட்டால், அந்த நாட்களில் வேறு வேலை தரமுடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள்.

அடுத்த வார விடுப்பு புதிய கோரிக்கை. பழைய ஒப்புதல் அதற்குச் செல்லாது. "விடுப்பு என் உரிமை" என்பது சரி. ஆனால் பல இடங்களில் தேதி மட்டும் மேலாளரின் ஒப்புதலைப் பொறுத்தது. அந்த வாரம் ஏற்கெனவே இருவர் விடுப்பில் இருந்தால் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். ஆகவே புதிய தேதி கிடைக்குமா என்று கேட்டு அறிந்த பிறகே விழா வீட்டாருக்கு வாக்குக் கொடுங்கள்.

வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வேலைக்கு வந்தால் மட்டும் போதாது. பதிவில் ரத்தாகாத விடுப்பு, நீங்கள் வேலை செய்த நாளுக்கும் கணக்கில் கழியக்கூடும். அந்தத் தேதி கடந்துவிட்டால் பல செயலிகளில் நீங்களே ரத்து செய்ய முடியாது. மனிதவளத் துறையை நாட வேண்டிவரும். எனவே புதன்கிழமைக்குள் ரத்து செய்து, அதற்கும் ஒப்புதல் வந்ததா என்று பாருங்கள்.