ஸ்டெப்பரா, சர்வோவா?

கேள்வி: ஒரகடத்தில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். 2 கிலோ பாகத்தை 30 செ.மீ. கை ஒன்று தூக்கி ஃபிக்ஸ்சரில் வைக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டர்தான் பிசகலாம். 10:1 கியர்பாக்ஸோடு ஸ்டெப்பர் போட்டேன்; மதியத்துக்குள் இடம் மாறிவிடுகிறது. சர்வோ வாங்கலாமா?

பதில்: முதலில் டார்க். கை படுக்கையாக நிற்கும்போது 2 × 9.81 × 0.3, ஏறக்குறைய 6 நியூட்டன் மீட்டர். கையின் எடை, உராய்வு, வேகமெடுப்பு சேர்த்து 12 என்று வையுங்கள். கியருக்கு முன்னால் மோட்டார் 1.2 தரவேண்டும். உங்கள் ஸ்டெப்பரின் லேபிளில் 2 என்று இருக்கலாம். அது நிற்கும்போது உள்ள பலம். சில நூறு ஆர்.பி.எம். போனால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது ஸ்டெப் தவறும். என்கோடர் இல்லாததால் கண்ட்ரோலருக்குத் தெரியாது.

சோதித்துப் பாருங்கள். ஹோம் நிலையில் கை மீதும் சட்டத்தின் மீதும் மார்க்கரால் ஒரே கோடு போட்டு, ஹோமிங் செய்யாமல் நூறு முறை ஓட்டுங்கள். கோடு ஒரே பக்கமாக விலகிக்கொண்டே போனால் ஸ்டெப் தவறுகிறது. அங்குமிங்கும் ஆடித் திரும்பினால் கியரின் பேக்லாஷ்.

ஸ்டெப் தவறினால் முதலில் வேகமெடுப்பைக் குறையுங்கள். உற்பத்தி வேகம் அதற்கு இடங்கொடுக்காவிட்டால் 400 வாட் சர்வோ சரி: தொடர்ந்தே 1.27 தரும், தவறினால் அலாரம் அடிக்கும். பிரேக் உள்ளதையே வாங்குங்கள். கரண்ட் போனால் கை கீழே விழும், அடியில் ஆள் நிற்பார்.

கியர் டிசி மோட்டாரில் பலம் உண்டு. ஆனால் ஒரு டிகிரி பேக்லாஷ் இந்தக் கையின் நுனியில் 5 மி.மீ. அதைக் கன்வேயருக்கு வையுங்கள்.