வட்டமும் அதன் கீழுள்ள சிறு பலகையும்

ஏழாம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதையும் ஒரே ஒரு புகைப்படத்துக்குச் செலவிட்டேன். படம் என்னுடையதல்ல. விரிஞ்சிபுரத்திலிருந்து வேலூருக்குத் தினமும் சரக்கு எடுத்துச் செல்லும் ஒருவரின் மகள் கொண்டு வந்தாள். வேலூரில் ஒரு கடைத்தெருவில் செருப்புப் பெட்டிகளை இறக்கப் போனபோது அவருக்கு 500 ரூபாய் அபராதம் விழுந்திருக்கிறது. கோபத்தில் அங்கிருந்த போர்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்துவிட்டார். "அந்த போர்டு ஆட்டோவுக்கு இல்ல டீச்சர், அப்பா மேல தப்பில்ல" என்றாள் அவள். ஒரு நாள் வாடகையில் பெரும்பகுதி போன வருத்தம் அந்த வீட்டில் இருந்தது. படத்தை நாமே படித்துப் பார்ப்போம் என்று சொல்லி, அதை அப்படியே கரும்பலகையில் பெரிதாக வரைந்தேன்.

கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளிம்புடைய நீல வட்டம். அதன் குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு. அதன் கீழ் ஒரு வெள்ளைப் பலகையில் "காலை 8 – 11, மாலை 4 – 8", அதற்கடுத்த வரியில் "நான்கு சக்கர வாகனங்கள்". இன்னும் கீழே வேறொரு வட்டம்: வெள்ளைப் பின்னணி, சிவப்பு விளிம்பு, உள்ளே லாரி, அதன் மேல் சிவப்புக் கோடு. அதற்கும் ஒரு பலகை: "கனரக வாகனங்கள், காலை 7 – இரவு 9".

பிள்ளைகள் எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படித்து, "லாரி, கார் எதுவும் காலையில் நிற்கக் கூடாது" என்று முடித்துவிட்டார்கள். பெரியவர்களும் இப்படித்தான் படிக்கிறார்கள். ஒரு கம்பத்தில் இரண்டு வட்டம் இருந்தால் அங்கே இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வட்டத்துக்கும் அதை ஒட்டிக் கீழே உள்ள பலகை மட்டுமே சொந்தம். ஆகவே முதலில் அளவுகோலை வைத்துப் படத்தை இரண்டாக வெட்டச் சொன்னேன். மேல்பாதியை ஒரு குழுவும் கீழ்பாதியை இன்னொரு குழுவும் எடுத்துக்கொண்டன.

மேல்பாதிக் குழுவுக்கு முதல் கேள்வி, வட்டம் என்ன சொல்கிறது என்பது. நீல வட்டத்தில் ஒரு கோடு இருந்தால் வாகனத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. நாம் எல்லோரும் நோ பார்க்கிங் என்று சொல்வது இதைத்தான். அதே வட்டத்தில் இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் இருந்தால், நிறுத்தவே கூடாது. பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தது. நிறுத்துவது வேறு, நிறுத்தி வைப்பது வேறு என்பதற்குத் தமிழே உதவியது. ஆளை இறக்கிவிட, மூட்டையை இறக்கத் தேவைப்படும் நேரம் மட்டும் நின்றால் அது நிறுத்துவது. அதைத் தாண்டிக் காத்திருந்தாலோ, விட்டுவிட்டுப் போனாலோ அது நிறுத்தி வைப்பது. சாலைக் குறியீடுகள் பற்றிய 1968 வியன்னா உடன்படிக்கையும் ஏறத்தாழ இந்தக் கோட்டைத்தான் இழுக்கிறது. அதனால்தான் ஒற்றைக் கோட்டுக்கும் பெருக்கல் குறிக்கும் தனித்தனிப் பொருள் உண்டு.

இரண்டாவது கேள்வி நேரம். இதில்தான் அரைமணி நேரம் போனது. "8 – 11" என்பதற்கு முன்னால் "காலை" என்ற சொல் ஏன் தேவை என்று கேட்டேன். பதிலுக்கு எங்கள் ஊர் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் உள்ள நேரம் காட்டும் கல்லை எடுத்துக்கொண்டேன். பள்ளத்தில் குச்சியை வைத்து நிழல் எங்கே விழுகிறது என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். அந்தக் கல்லுக்குக் காலை, மாலை என்ற குழப்பமே கிடையாது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வெயில் இருக்கும்போது மட்டும்தான் அது பேசும். கடிகாரம் அப்படியல்ல, ஒவ்வோர் எண்ணையும் நாளுக்கு இரண்டு முறை காட்டும். சில பலகைகளில் 16.00 – 20.00 என்று இருக்கும். பன்னிரண்டைக் கழித்தால் மாலை 4 முதல் இரவு 8 வரை என்று கிடைக்கும். இந்தக் கழித்தலை மனக்கணக்காகச் செய்யவைத்தேன்.

பிறகு கரும்பலகையில் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நீளக் கோடு போட்டு, தடை உள்ள நேரத்தைச் சிவப்பால் தீட்டச் சொன்னேன். இரண்டு துண்டுகள் சிவந்தன. மீதி வெள்ளையாகவே இருந்தது. "அப்படின்னா மத்தியானம் ரெண்டு மணிக்கு நிறுத்தலாமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். நிறுத்தலாம். பலகையில் நேரம் எழுதியிருந்தால் தடை அந்த நேரத்துக்கு மட்டும்தான். வெறும் வட்டம் மட்டும் இருந்து பலகையே இல்லையென்றால் இருபத்து நான்கு மணி நேரமும் தடை. ஞாயிற்றுக்கிழமை என்னவாகும் என்று இன்னொருத்தி கேட்டாள். பலகை கிழமை எதையும் சொல்லவில்லை, ஆகவே ஞாயிறும் சேர்த்தி. எழுதாத விலக்கை நாமாகச் சேர்த்துப் படிக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகள் எளிதில் ஏற்பதில்லை. விடுமுறை என்றால் எல்லாவற்றுக்கும் விடுமுறை என்றே அவர்கள் நினைக்கிறார்கள்.

மூன்றாவது கேள்விதான் வழக்கைத் தீர்த்தது. "நான்கு சக்கர வாகனங்கள்" என்றால் எவை? கார் என்றார்கள் எல்லோரும். வேன் என்றான் ஒருவன். "அப்பாவோடது லோடு ஆட்டோ" என்றாள் அந்தப் பெண். நம் பக்கத்தில் லோடு ஆட்டோ என்ற ஒரே சொல்லை இரண்டு வண்டிகளுக்குப் பயன்படுத்துகிறோம். பின்னால் பெட்டி கட்டிய மூன்று சக்கர வண்டிக்கும் அந்தப் பெயர், குட்டி யானை என்று நாம் அழைக்கும் நான்கு சக்கர வண்டிக்கும் அதே பெயர். "சக்கரத்தை எண்ணும்மா" என்றேன். வண்டியை மனதில் கொண்டு வந்து எண்ணினாள். நான்கு. சிறிது நேரம் பேசவில்லை. பலகை வண்டியின் பெயரைக் கேட்கவில்லை, சக்கரத்தைத்தான் கேட்கிறது. மூன்று சக்கர ஆட்டோவாக இருந்திருந்தால் இந்தப் பலகை அதைத் தொடாது, இருசக்கர வாகனத்தையும் தொடாது.

அபராதம் விழுந்த நேரம் காலை 10.40. அது சிவந்த பகுதிக்குள் வருகிறது. இன்னும் ஒரு வாதம் மீதி இருந்தது: அவர் சரக்கை இறக்கத்தானே நிறுத்தினார்? மறுநாள் வீட்டில் கேட்டு வந்தாள். பெட்டிகளை இறக்க ஐந்து நிமிடம், பிறகு பில்லுக்காகக் கடைக்குள் இருபது நிமிடம் காத்திருந்திருக்கிறார். அந்த இருபது நிமிடம்தான் நிறுத்தி வைத்தது.

கீழ்பாதிக் குழுவுக்கு வேலை குறைவாகத் தெரிந்தாலும் ஒரு சொல் அவர்களை நிறுத்திவிட்டது. கனரகம் என்றால் எவ்வளவு கனம்? ஆம்பூர் பக்கம் தோல் ஏற்றிப் போகும் பெரிய லாரிகளைப் பிள்ளைகள் தினமும் நெடுஞ்சாலையில் பார்க்கிறார்கள். அவை கனரகம் என்பதில் சந்தேகமில்லை. குட்டி யானையும் சரக்கு வண்டிதானே? மோட்டார் வாகனச் சட்டம் 1988 இதற்கு எடையால் பதில் சொல்கிறது. வண்டியும் அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட சரக்கும் சேர்ந்த மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டினால்தான் அது கனரகச் சரக்கு வாகனம். 7,500 கிலோ வரை இலகு ரகம். இந்த எடை ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கும். வெற்று வண்டியின் எடையும் அதில் தனியாக இருப்பதால் எந்த எண் எது என்று பார்த்துப் படிக்க வேண்டும். ஆர்.சி. நகலைக் கொண்டு வரச் சொல்லி, வகுப்பிலேயே படித்தோம். குட்டி யானை இலகு ரகத்தின் எல்லைக்கு வெகு கீழே இருந்தது. ஆகவே கீழ்வட்டம் அவருக்குப் பொருந்தாது. அந்தத் தெருவுக்குள் வரவே கூடாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்களாம். அது சரியல்ல. வரலாம், காலை 8 முதல் 11 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் நிறுத்தி வைக்க மட்டும் கூடாது.

புகைப்படத்தை வைத்துப் பாடம் நடத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. படம் சட்டகத்துக்குள் இருப்பதை மட்டும் காட்டும். எங்கள் படத்தில் மேல்வட்டப் பலகையின் கடைசி வரியில் ஓர் அம்புக்குறி பாதி வெட்டுப்பட்டிருந்தது. அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் தடை. கடை கம்பத்துக்கு இடப்புறம் பத்தடி தள்ளி இருக்கிறது. அம்பு வலப்புறத்தை மட்டும் காட்டியிருந்தால் அபராதமே தவறாகியிருக்கும். அடுத்த நடையில் அவர் தள்ளி நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்பினார். அதில் அம்புக்கு இருபக்கமும் தலை இருந்தது. கம்பத்தின் இரு பக்கமும் தடை. அதன்பின்தான் அந்தப் பெண் "அபராதம் சரிதான்" என்று எழுதினாள். மற்றவர்கள் முதல் படத்தை வைத்தே எழுதியிருந்தார்கள். அவளுக்குத்தான் கூடுதல் மதிப்பெண் போட்டேன்.

அம்பே இல்லாவிட்டால், பலகை இருக்கும் அதே ஓரத்தில், பலகையிலிருந்து அடுத்த தெருச்சந்திப்பு வரை தடை என்பது பொதுவான வழக்கம். எதிர் ஓரத்துக்கு அது பொருந்தாது. சுவரொட்டி ஒட்டி எண் மறைந்திருந்தால், தெரிகிற பாதியை வைத்து ஊகிக்காமல் "படத்தில் தெரியவில்லை" என்று எழுதப் பழக்குகிறேன். இதையும் சரியான விடையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பலகைக்கு மேல் இன்னொன்று உண்டு. கார்த்திகைக் கடை ஞாயிறு அன்று எங்கள் ஊரில் வண்டிகளைத் திருப்பிவிடும்போது, கம்பத்தில் என்ன எழுதியிருந்தாலும் காவலரின் கை சொல்வதுதான் விதி. சட்டத்தின் 119ஆம் பிரிவு குறியீட்டோடு காவலரின் கட்டளைக்கும் பணியச் சொல்கிறது. 115ஆம் பிரிவின்படி ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகத் தடைக்கு அரசிதழ் அறிவிப்புகூடத் தேவையில்லை. திருவிழா நாளில் எடுத்த படத்தை வைத்து மற்ற நாளின் விதியைச் சொல்ல முடியாது. ஆகவே படத்தின் ஓரத்தில் எடுத்த தேதியை எழுதச் சொல்கிறேன்.

இந்தப் பருவத் தேர்வில் அதே கம்பத்தைக் கொடுத்து நான்கு பேரை நிறுத்தினேன்: காலை 9 மணிக்குக் காரில் வந்து பாட்டியை இறக்கிவிட்டு உடனே கிளம்புபவர், 10 மணிக்கு ஸ்கூட்டரை நிறுத்தி வைப்பவர், பிற்பகல் 3.30க்கு வேனை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருபவர், இரவு 9.30க்குத் தோல் லாரியோடு தெருவுக்குள் நுழைபவர். பெரும்பாலோர் மூன்றாமவரிடம் தடுமாறினார்கள். அவர் நிறுத்திய நேரத்தில் தடை இல்லை, ஆனால் 4 மணிக்குத் தடை தொடங்கும்போதும் வண்டி அங்கேயே நிற்கிறது. நேரக்கோட்டை வரைந்தவர்கள் மட்டும் இதைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தத் தந்தை இப்போது பதினொன்றரை மணிக்குக் கடைக்குப் போகிறார். பில்லுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பரவாயில்லையாம்.